இலையின் அடக்க விலை: சமையற்கூடச் செலவை விருந்துகளுக்குப் பங்கிடும் கணக்கு

கல்யாணச் சமையல் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘இலைக்கு எவ்வளவு?’ என்பதுதான். கேட்கிறவருக்கு அது ஒரே கேள்வி. பதில் சொல்ல வேண்டிய காண்ட்ராக்டருக்கோ அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இலையில் விழும் பண்டத்துக்கு என்ன செலவு? அந்த ஒரு விருந்துக்கென்று ஆள், வண்டி, எரிவாயு என்று என்ன போகிறது? விருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தே ஆக வேண்டிய கூட வாடகை, சம்பளம், வண்டித் தவணை ஆகியவற்றில் இந்த விருந்தின் பங்கு என்ன? முதல் இரண்டையும் அனுபவமுள்ள எவரும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். மூன்றாவதில்தான் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. எந்த வழக்கத்தைப் பிடிக்கிறோமோ அதற்கேற்ப 100 இலை விருந்து லாபமாகவும் தெரியும், நஷ்டமாகவும் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறது. சமையற்கூடத்தின் நிலையான செலவைச் சிறிய விருந்துக்கும் பெரிய விருந்துக்கும் எப்படிப் பங்கிடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் எங்கே சரியாக வருகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழியே பார்க்கலாம்.

கூடம் இல்லாத காலமும் இருக்கிற காலமும்

பழைய ஏற்பாட்டில் இந்தக் கேள்வியே பெரிதாக எழவில்லை. சமையல்காரர் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். வீட்டுக்காரர் சரக்கு வாங்கிப் போடுவார். மண்டபத்து அடுப்பு, மண்டபத்துப் பாத்திரம். சமையல்காரர் தன் ஆட்களோடு வந்து சமைத்து, கூலி வாங்கிக்கொண்டு போவார். அவருக்கென்று மாதாந்திரச் செலவு அநேகமாகக் கிடையாது. எரிவாயு, மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு எல்லாம் மண்டபக் கணக்கில் வீட்டுக்காரர் தலையில் ஏறும். நிலையான செலவு இருந்தது. ஆனால் அது மண்டபக்காரரிடம் இருந்தது.

இன்றைக்கும் கூலிக்குச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நகரங்களில் முழுக் காண்ட்ராக்ட்தான் பெரும்பாலும் நடக்கிறது. சரக்கு, சமையல், பரிமாறல், இலை எடுப்பது வரை எல்லாம் சேர்த்து இலைக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிறார்கள். வீட்டு விசேஷம், அலுவலக மதிய உணவு, அடுப்பு வசதியில்லாத சிறிய ஹால் என்று வேலை பரவும்போது காண்ட்ராக்டருக்குச் சொந்தமாக ஒரு சமையற்கூடம் தேவைப்படுகிறது. கூடம் வந்ததும் வாடகை வருகிறது, காவலாள் வருகிறார், ஸ்டோர் சாவி வைத்துக்கொள்ள ஒருவர் வருகிறார், வண்டி வருகிறது. அதுவரை இலையோடு கூடிக் குறைந்துகொண்டிருந்த செலவில் ஒரு பகுதி, விருந்தே இல்லாத நாளிலும் ஓடத் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக் கூடம்

நடுத்தரமான ஒரு சைவச் சமையல் காண்ட்ராக்டரை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக முழு எண்ணாக வைத்துக்கொண்டவை; ஊருக்கு ஊர் மாறும். கூட வாடகை மாதம் 30,000 ரூபாய். மேனேஜர், ஸ்டோர் பார்ப்பவர், காவலும் துப்புரவும் பார்க்கும் ஒருவர் ஆகிய மூவருக்கும் சேர்த்துச் சம்பளம் 48,000. வண்டித் தவணை 18,000. அதன் இன்ஷூரன்ஸ், எஃப்.சி. வகையில் 4,000. மின்சாரம், போன், லைசென்ஸ், கணக்கு எழுதும் கூலி 8,000. இத்தோடு பாத்திரத் தேய்மானம் 12,000.

கடைசி இனத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அண்டா, உருளி, கிரைண்டர், அடுப்பு, ஹாட் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 7,20,000 ரூபாய் முதல் போட்டிருக்கிறார். அவை ஐந்து ஆண்டு உழைக்கும் என்றால் மாதத்துக்கு 12,000. பணம் இன்றைக்குக் கையைவிட்டுப் போகாததால் இது செலவாகவே தெரியாது. ஐந்தாம் ஆண்டு கிரைண்டரும் அடுப்பும் ஒன்றாக மாற்ற வேண்டி வரும்போது வட்டிக்கு வாங்குவார்கள். கூடம் சொந்த இடத்தில் இருந்தாலும் வாடகையைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அந்த இடத்தை வெளியே விட்டால் வரக்கூடிய வருமானத்தை இந்தத் தொழில் தின்றுகொண்டிருக்கிறது.

ஜி.எஸ்.டி.யும் இங்கே ஓசையில்லாமல் வந்து சேர்கிறது. 2019 அக்டோபரிலிருந்து வெளி விருந்துச் சமையலுக்குப் பொதுவாக 5 சதவீத வரி. ஆனால் நாம் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் கட்டிய வரி அடக்கத்திலேயே தங்கிவிடும். ஆகவே தேய்மானம் போடும்போது வரி சேர்ந்த விலைக்குத்தான் போட வேண்டும்.

கூட்டினால் மாதம் 1,20,000. ஆண்டுக்கு 14,40,000 ரூபாய். இதைத்தான் பங்கிட வேண்டும்.

இலையோடு போவது, விருந்தோடு போவது

பங்கிடுவதற்கு முன் மற்ற இரண்டு செலவுகளையும் பிரித்துவிட வேண்டும். மதியக் கல்யாணச் சாப்பாடு ஒன்றுக்கு அரிசி, பருப்பு, மளிகை 45 ரூபாய், காய்கறி தேங்காய் 33, எண்ணெய் நெய் 22, இனிப்பு, பாயசம், பழம் 20, பால் தயிர் 14, தலைவாழை இலை, தண்ணீர் பாட்டில், வெற்றிலை பாக்கு 16 என்று வைத்தால் பண்டச் செலவு 150. இது 100 பேருக்கும் 1,000 பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சரக்கை மாதத்துக்குச் சேர்த்து வாங்குகிறவருக்குப் பெரிய விருந்தால் தனியாக விலை குறையாது. சிறிய விருந்தில் மட்டும் கொஞ்சம் கூடும். 100 பேர் என்று சொன்ன வீட்டுக்கு ஒரு வேனில் 15 பேர் கூடுதலாக வந்தாலே சாம்பார் தட்டிப்போகும். அதனால் கைக்காவலுக்கு அதிகம் சமைக்க வேண்டியிருக்கும். 1,000 பேர் விருந்தில் அதே வேன் கண்ணுக்கே தெரியாது.

விருந்தோடு போகும் செலவு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அது இலை இலையாக ஏறாமல் படிப்படியாக ஏறும். காரணத்தைச் சமையல்கட்டில் போய் நின்றால்தான் பார்க்க முடியும். மாஸ்டரின் வேலை இலைக் கணக்கில் இல்லை, ஐட்டம் கணக்கில் இருக்கிறது. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, இரண்டு பொரியல், அவியல், வடை, பாயசம் என்ற மெனுவுக்கு 100 பேர் என்றாலும் 300 பேர் என்றாலும் ஒரு மாஸ்டர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அதே பத்துக் காரியத்தையும் செய்ய வேண்டும். அவர் கூலி மாறாது.

பரிமாறும் ஆட்களின் எண்ணிக்கையும் மொத்த இலையைப் பொறுத்ததல்ல. ஒரு பந்தியில் எத்தனை இலை போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 150 பேர் உட்காரும் சாப்பாட்டு ஹாலில் 300 பேருக்கு இரண்டு பந்தி. 600 பேருக்கு நான்கு பந்தி. இரண்டுக்கும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான்; நான்கு பந்திக்கு அசந்துபோகாமல் மாற்றிக்கொள்ள மூன்று பேர் கூடுதலாக இருந்தால் போதும். மறுபக்கம், 50 பேர் பந்தியாக இருந்தாலும் சாதத்துக்கு ஒரு கை, சாம்பாருக்கு ஒரு கை, கூட்டு பொரியலுக்கு ஒரு கை என்று ஆறு பேருக்குக் குறைந்து பந்தி நடத்த முடியாது. ஒருவரே இரண்டு வாளி தூக்கினால் ரசம் வருவதற்குள் சாதம் ஆறிவிடும்.

எடுத்துக்காட்டுக் கூடத்தில் 100 இலை விருந்தை விரித்துப் பார்ப்போம். மாஸ்டர் 4,000, உதவிச் சமையல் ஒருவர் 2,000, காய் நறுக்கவும் எடுபிடிக்கும் மூவர் 2,700, பரிமாற ஆறு பேர் 4,800, பாத்திரம் தேய்க்க இருவர் 1,600, வண்டிக்கு டீசலும் டிரைவர் பேட்டாவும் 3,000, 19 கிலோ சிலிண்டர் ஒன்று 1,900. மொத்தம் 20,000, இலைக்கு 200. பண்டத்தை விட ஆளும் வண்டியும் அதிகம்.

இதே முறையில் 300 இலைக்குப் பார்த்தால் 33,000, அதாவது இலைக்கு 110. 600 இலைக்கு 48,000, இலைக்கு 80. ஆனால் 1,000 இலைக்கு 86,000 ஆகிறது, இலைக்கு 86. குறைந்துகொண்டே வந்தது திரும்பி ஏறுகிறது. ஒரு மாஸ்டரால் அத்தனை அடுப்பைப் பார்க்க முடியாது, இரண்டாவது மாஸ்டர் வேண்டும். சொந்த அண்டா போதாமல் வாடகைப் பாத்திரம் எடுக்க வேண்டும். வண்டி கூடுதல் நடை அடிக்கும். ஒரே அண்டாவில் அளவுக்கு மீறி அரிசி போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் அடி குழைந்து மேல் வேகாமல் நிற்கும். விருந்து பெரிதாகப் பெரிதாக அடக்கம் குறைந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை அந்தக் கூடத்தின் கொள்ளளவு வரைக்கும்தான் செல்லும்.

மூன்று பங்கீடுகள்

இனி 14,40,000 ரூபாய்க்கு வருவோம். நம் காண்ட்ராக்டர் ஆண்டுக்கு 120 நாள் அடுப்பு மூட்டுகிறார் என்று கொள்வோம். அதில் 40 நாள் 100 இலை, 50 நாள் 300 இலை, 25 நாள் 600 இலை, 5 நாள் 1,000 இலை. ஆண்டுக்கு மொத்தம் 39,000 இலை.

முதல் வழக்கம், இலைக்கு இவ்வளவு என்று சமமாகப் போடுவது. 14,40,000ஐ 39,000ஆல் வகுத்தால் இலைக்கு ஏறக்குறைய 37 ரூபாய். எளிது, ரேட் கார்டு ஒன்றே போதும். இந்தக் கணக்கில் 100 இலை விருந்தின் அடக்கம் இலைக்கு 387, 300 இலைக்கு 297, 600 இலைக்கு 267, 1,000 இலைக்கு 273.

இரண்டாவது வழக்கம், கூடத்தை நாள் வாடகைக்கு விட்டதுபோல நினைத்துக்கொள்வது. 120 நாளால் வகுத்தால் நாளுக்கு 12,000. அன்றைக்கு எத்தனை இலை போட்டாலும் கூடம் அந்த விருந்துக்காகத்தான் திறந்திருந்தது. ஸ்டோர் பார்ப்பவர் அந்த விருந்துக்குத்தான் சரக்கு எடுத்துக் கொடுத்தார். ஆகவே 12,000ஐ அந்த விருந்தின் இலையால் வகுக்க வேண்டும். இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

| விருந்தின் அளவு | பண்டம் | விருந்துச் செலவு | கூடச் செலவு (நாள் முறை) | அடக்கம் (நாள் முறை) | அடக்கம் (இலை முறை) |
|---|---|---|---|---|---|
| 100 இலை | 150 | 200 | 120 | 470 | 387 |
| 300 இலை | 150 | 110 | 40 | 300 | 297 |
| 600 இலை | 150 | 80 | 20 | 250 | 267 |
| 1,000 இலை | 150 | 86 | 12 | 248 | 273 |

300 இலை விருந்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அது இந்தக் கூடத்தின் சராசரி விருந்துக்கு அருகில் இருப்பதால். ஓரங்களுக்குப் போகப் போக விலகுகின்றன. 100 இலையில் 83 ரூபாய் வித்தியாசம்.

இலை முறையைப் பிடித்தவருக்கு என்ன நடக்கும் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். சிறிய விருந்துக்கு அவர் சொல்லும் விலை ஊரிலேயே குறைவாக இருக்கும்; வளைகாப்பு, பிறந்தநாள், புதுமனைப் புகுவிழா என்று அவரையே தேடி வருவார்கள். 600 இலை பேச வருகிறவரிடம் அவர் 267க்கு மேல் லாபம் வைத்துச் சொல்வார்; பக்கத்துக் காண்ட்ராக்டர் 250க்கு மேல் லாபம் வைத்துச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆண்டில் பத்துப் பெரிய விருந்து இப்படிக் கைநழுவினால் மொத்த இலை 39,000லிருந்து 33,000 ஆகும். செலவு அதே 14,40,000. இப்போது இலைக்கு 37 அல்ல, 44 ரூபாய். அவர் ரேட் கார்டைத் திருத்தி 7 ரூபாய் கூட்டுவார். இன்னும் சில பெரிய விருந்துகள் போகும். ஆர்டர் புத்தகம் நிறைந்தே இருக்கும். ஆட்கள் ஓய்வில்லாமல் ஓடுவார்கள். பணம் மட்டும் தங்காது. கணக்கில் எங்கேயும் நஷ்டம் என்று எழுதியிருக்காததால் காரணமும் பிடிபடாது.

மூன்றாவது வழக்கம் விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று கூடச் செலவுக்கு எடுத்து வைப்பது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் நெய்யில் பொரித்த முந்திரி, விலை கூடிய இனிப்பு என்று மெனுவை உயர்த்திக் கேட்ட வீட்டுக்குக் கூட வாடகையும் உயர்ந்துவிடும். இனிப்பு விலை உயர்ந்ததால் கூடம் கூடுதல் நேரம் திறந்திருக்கவில்லை. செலவு எதனால் உண்டாகிறதோ அதற்கும் இந்தப் பங்கீட்டுக்கும் தொடர்பே இல்லாததால் இதை மேலும் பேச வேண்டியதில்லை.

காலி நாளின் செலவு யாருடையது?

நாள் முறை செலவின் காரணத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு ஓட்டை உண்டு. 120 நாள் என்பது நம் ஊகம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் பெரும்பாலும் இருக்காது. தை, வைகாசி, ஆவணியில் குவியும். ஒரு ஆண்டு ஆர்டர் குறைந்து 90 நாள்தான் வேலை நடந்தது என்றால் நாள் பங்கு 12,000லிருந்து 16,000 ஆகும். 100 இலை அடக்கம் 470லிருந்து 510 ஆகும். வியாபாரம் மந்தமான வருடத்தில் விலையைக் கூட்டச் சொல்கிறது கணக்கு! இலை முறையில் பார்த்த அதே சுழல் இங்கே வேறு வாசல் வழியாக நுழைகிறது.

இதற்கு மாற்று, நடந்த நாளால் வகுக்காமல் நடக்கக்கூடிய நாளால் வகுப்பது. பராமரிப்பு, பண்டிகை விடுமுறை, ஆட்கள் ஊருக்குப் போகும் நாள் எல்லாம் கழித்து இந்தக் கூடத்தால் ஆண்டுக்கு 160 நாள் வேலை செய்ய முடியும் என்று கொள்வோம். நாளுக்கு 9,000. 120 நாள் வேலை நடந்தால் விருந்துகளின் தலையில் 10,80,000 ஏறும். மீதி 3,60,000 ‘காலி நாள் செலவு’ என்று தனி வரியில் நிற்கும். அப்போது 100 இலை அடக்கம் 440 ஆகிறது. மந்தமான வருடத்திலும் அது மாறாது.

தனி வரியில் நிற்கும் அந்த 3,60,000 ரூபாயை எந்த வீட்டுக்காரர் பில்லிலும் தனிக் கட்டணமாக ஏற்ற முடியாது. லாபத்தில்தான் அதை ஈடுகட்ட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பூஜை அன்னதானம், வார நாளில் அலுவலகச் சாப்பாடு, புரட்டாசியில் கோயில் பிரசாத ஆர்டர் என்று நாளை நிரப்புவது ஒரு வழி. கூடத்தைச் சிறிதாக்குவது, அல்லது முகூர்த்தம் இல்லாத நாளில் இன்னொரு காண்ட்ராக்டருக்கு விடுவது மற்றொரு வழி. இலைக்கு 37 என்று கரைத்துவிட்டவருக்கு இந்தத் தொகை கண்ணிலேயே படாது. அதனால் அவர் எதையும் செய்ய மாட்டார்.

‘நஷ்ட’ ஆர்டரை விட்டுவிடலாமா?

இப்போது சிக்கலான இடம். நம் காண்ட்ராக்டர் சந்தை நிலவரப்படி 100 இலைக்கு 420, 300க்கு 330, 600க்கு 285, 1,000க்கு 280 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 120 நாள் முறையில் 100 இலையின் அடக்கம் 470. அவர் 420க்குக் கொடுக்கிறார். ஒவ்வொரு சிறிய விருந்திலும் 5,000 ரூபாய் நஷ்டம். 40 விருந்துக்கு 2,00,000. அப்படியானால் சிறிய விருந்தே வேண்டாம் என்று விட்டுவிட்டால் 2,00,000 மிச்சமாகுமா?

ஆகாது. விலையிலிருந்து பண்டத்தையும் விருந்துச் செலவையும் மட்டும் கழித்துப் பாருங்கள். 100 இலையில் 420லிருந்து 350 போனால் 70. ஒரு விருந்துக்கு 7,000 ரூபாய் கையில் நிற்கிறது. 40 விருந்தில் 2,80,000. இதே முறையில் 300 இலை விருந்துகளில் 10,50,000, 600 இலையில் 8,25,000, 1,000 இலையில் 2,20,000 நிற்கிறது. மொத்தம் 23,75,000. இதிலிருந்து கூடச் செலவு 14,40,000 போனால் காண்ட்ராக்டருக்கு 9,35,000. சிறிய விருந்துகளை வெட்டினால் வாடகையும் சம்பளமும் தவணையும் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அவர் கையில் 6,55,000தான் மிஞ்சும். நஷ்டம் என்று காகிதம் காட்டிய விருந்துகள் உண்மையில் 2,80,000 ரூபாய் வாடகை கட்டிக்கொண்டிருந்தன.

அதற்காக அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் தவறு. வேலை நடந்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அவை தருகின்றன. எந்த நாளை எடுத்துக்கொள்கின்றன என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒருவர் 100 இலைக்கு வருகிறார். அன்றைக்கு வேறு வேலை இல்லை. நேரடிச் செலவு இலைக்கு 350. 420 கிடைக்காமல் 380தான் தருவார் என்றாலும் 3,000 நிற்கும், எடுத்துக்கொள்ளலாம். அதே ஆள் வைகாசி வளர்பிறை முகூர்த்தத்துக்கு வருகிறார். அன்று இருப்பது ஒரு மாஸ்டர், ஒரு வண்டி. இவருக்குச் சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் தேடி வரும் 300 இலைக் கல்யாணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கல்யாணத்தில் இலைக்கு 70 வீதம் 21,000 நின்றிருக்கும். ஆகவே முகூர்த்த நாளில் 100 இலையின் உண்மையான கீழ்விலை 350 அல்ல. 350உடன் 210 சேர்ந்து 560. அதற்குக் கீழே எவ்வளவுக்கு ஒப்புக்கொண்டாலும் வேறு யாருக்கோ போட வேண்டிய பந்தியை விட்டுக்கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

இரண்டு நாளுக்கும் கூட வாடகை ஒன்றே. ஆனால் அன்றைய தினம் கூடத்துக்கு என்ன கிராக்கி என்பது வேறு. சராசரி அடக்க விலை இந்த வேறுபாட்டைக் காட்டாது. அடக்கத்தை நாளால் வகுத்துப் பார்ப்பது ஆண்டு முடிவில் எந்த வகை விருந்து கூடத்தை எவ்வளவு பயன்படுத்தியது என்று தெரிந்துகொள்ள; வந்து நிற்கும் ஆர்டரை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவாது. அதற்கு நேரடிச் செலவும், அந்த நாளில் நாம் இழக்கப்போகும் வேறு வேலையும்தான் அளவுகோல்.

எல்லா ஆர்டரையும் நேரடிச் செலவுக்குச் சற்று மேலே என்று பேசிப் பழகிவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது. 380க்கு ஒருவருக்குப் போட்டது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்தவர் முகூர்த்தத்துக்கும் அதையே கேட்பார். அதனால்தான் சிலர் காலி நாளில் விலையைக் குறைக்காமல், அதே விலைக்கு ஒரு இனிப்பைக் கூட்டிப் போடுகிறார்கள். செலவு கொஞ்சம்தான்; ரேட் கெடுவதில்லை.

விலையை இரண்டாகப் பிரிப்பது

இத்தனையையும் வாடிக்கையாளரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் விலை சொல்லும் முறையிலேயே பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம். நம் கூடத்தின் விருந்துச் செலவுகளைக் கவனித்தால், 100லிருந்து 600 இலை வரை அது ஏறக்குறைய 14,000 ரூபாய் அடிப்படையும் இலைக்கு 60 ரூபாயும் சேர்ந்ததாக இருக்கிறது. இதோடு நாள் பங்கு 12,000, பண்டம் 150 சேர்த்தால் அடக்கம் 26,000 ரூபாய் அடிப்படையும் இலைக்கு 210ம். சோதித்துப் பார்க்கலாம்: 100 இலைக்கு 47,000, அதாவது 470, 300 இலைக்கு 89,000, ஏறக்குறைய 297, 600க்கு 1,52,000, 253 சொச்சம். மேலே அட்டவணையில் கண்டதற்கு மிக அருகில் வருகிறது. 1,000 இலைக்கு மட்டும் 236 என்று காட்டி 12 ரூபாய் ஏமாற்றும். இரண்டாவது மாஸ்டர் தேவைப்படும் கட்டத்தைத் தாண்டினால் புதிதாகத்தான் போட வேண்டும்.

‘சமையல் ஏற்பாட்டுக்கு இவ்வளவு, அதற்கு மேல் இலைக்கு இவ்வளவு’ என்று இந்த இரண்டு எண்ணின் மேல் லாபம் வைத்துச் சொன்னால் சிறிய விருந்துக்காரர் தன் விலை ஏன் கூடுதல் என்று தானே புரிந்துகொள்வார். பலருக்கு இலை ரேட் மட்டுமே பழக்கம். அவர்களிடம் அதையே ‘குறைந்தது 150 இலை’ என்ற நிபந்தனையாகச் சொல்கிறார்கள். 100 பேருக்குப் போட்டாலும் 150 இலைக்குப் பணம் என்பது வேறு உடையில் வரும் அடிப்படைத் தொகைதான்.

கூடுதல் இலையின் கணக்கு

பந்தி முடிந்ததும் வரும் தகராறில் பாதி இந்த இரண்டு எண்ணையும் பிரித்துப் பார்க்காததால் வருவது. 300 இலை என்று பேசியிருக்கிறார்கள். இலைக்கட்டுகளை எண்ணி உள்ளே அனுப்பி, கடைசிப் பந்திக்குப் பின் மிஞ்சியதை வீட்டுக்காரர் தரப்பில் ஒருவரை வைத்துக்கொண்டு எண்ணினால் 330 போயிருக்கிறது. கூடுதல் 30 இலைக்கும் 330 ரூபாய் வீதம் கேட்கிறார் காண்ட்ராக்டர். அந்த 30 இலைக்கு அவருக்கு ஆன செலவு பண்டம் 150ம் சில்லறையும்தான். மாஸ்டர், வண்டி, கூடம் எல்லாம் முதல் 300லேயே அடங்கிவிட்டன. பத்து சதவீதம் வரை கூடுதல் இலை வருவது அவருக்கு நல்ல காசு.

இதைத் திருப்பிப் போட்டால் 270 பேர்தான் வந்தார்கள் என்று வீட்டுக்காரர் 30 இலைக்குப் பணம் குறைக்கச் சொல்வது. சோறு வெந்துவிட்டது, காய் நறுக்கியாகிவிட்டது. காண்ட்ராக்டருக்கு மிச்சமாவது 30 இலையும் தண்ணீர் பாட்டிலும்தான். அதனால்தான் சொன்ன எண்ணுக்குக் குறைந்தால் கழிவு இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறார்கள். இது தெரிந்த சில வீட்டுக்காரர்கள் 400 பேருக்கு அழைத்துவிட்டு 300 என்று சொல்லிவைப்பதும் உண்டு. அப்போது நிலைமை மாறுகிறது. கைக்காவலைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு இலையும் அவசரமாக வாங்கிய தயிரும், மறுபடி ஏற்றிய உலையுமாக 150க்குப் பதில் இரண்டு மடங்கு தின்னும். ஆகவே பத்து சதவீதம் வரை பேசிய விலை, அதற்கு மேல் தனி விலை என்று இரண்டு படியாக எழுதுவது இரு தரப்புக்கும் நியாயம்.

எங்கே பார்த்துக் கண்டுபிடிப்பது

பங்கீடு பிசகியிருக்கிறது என்பதை லாப நஷ்டக் கணக்கு எழுதுவதற்கு முன்பே சில இடங்களில் பார்க்கலாம். இந்தத் தொழிலில் அட்வான்ஸ் முன்னால் வருகிறது, மளிகைக் கடைக்குப் பின்னால் கொடுக்கிறோம். தை மாதத்தில் வைகாசிக் கல்யாணத்து அட்வான்ஸ் கையில் புரளும்போது தொழில் நன்றாக நடப்பதாகத் தோன்றும். நடந்து முடிந்த விருந்தின் மளிகை பாக்கியை நடக்கப்போகும் விருந்தின் அட்வான்ஸில் கட்டத் தொடங்கினால், இலை விலையில் கூடச் செலவு முழுதாக ஏறவில்லை என்று அர்த்தம். அட்வான்ஸ் வராத ஆடியில் அது வெளிப்படும்.

ஆடி வரை காத்திராமல் கண்டுகொள்ள மாதம் ஒருமுறை ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டால் போதும். விருந்தின் தேதி, முகூர்த்தமா இல்லையா, எத்தனை இலை, வாங்கிய தொகை, பண்டமும் விருந்துச் செலவும் போக நின்ற தொகை. கடைசிக் கட்டத்தைக் கூட்டி மாதச் செலவு 1,20,000உடன் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதை எட்டாது. ஆடியில் எட்டவே எட்டாது. பன்னிரண்டு மாதத்தில் 14,40,000ஐத் தாண்டி எவ்வளவு நின்றது என்பதுதான் காண்ட்ராக்டரின் சம்பாத்தியம். அந்தத் தாளில் முகூர்த்த நாட்களை மட்டும் தனியாக எடுத்து, நின்ற தொகை 21,000க்குக் குறைந்த வரிகளுக்கு அடியில் கோடு போட்டுப் பார்த்தால், அடுத்த ஆண்டு யாருக்கு எந்தத் தேதியில் என்ன விலை சொல்ல வேண்டும் என்பது அங்கேயே எழுதியிருக்கும்.